காலையைக் காப்பதா, கிழமையைப் பிரிப்பதா, கட்டத்தை நகர்த்துவதா?

லண்டனில் ஒரு வாடிக்கையாளர், டொரன்டோவில் ஒருவர், கொழும்பில் ஒருவர். திருகோணமலையில் வீட்டிலிருந்து பிரீலான்ஸ் வேலை செய்யும் பலருடைய நிலை ஏறக்குறைய இதுதான். நாளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி வைக்கிறார்கள். இரண்டாம் நாளே நடுவில் ஓர் அழைப்பு வந்து கட்டத்தை உடைக்கிறது. மூன்றாம் நாள் கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

பிரச்சினை அழைப்பின் நீளத்தில் இல்லை. அது நாளில் எங்கே வந்து விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. ஓர் அழைப்பு 10.30க்கு முடிகிறது, அடுத்தது 11.45க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 75 நிமிடம் இருப்பதாகக் கலண்டர் காட்டும். ஆனால் முடிந்த அழைப்பில் பேசியதைக் குறித்து வைக்க 15 நிமிடம் போய்விடும். அடுத்த அழைப்புக்கான கோப்பைத் திறந்து, மைக்கைச் சரிபார்த்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் இன்னொரு 10 நிமிடம் போகும். மீதி 50. விட்ட இடத்தைப் பிடித்து வேலைக்குள் இறங்க அதில் 15, 20 நிமிடம் வேண்டும். கடைசியில் கையில் நிற்பது அரை மணித்தியாலம். அதற்குள் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம், ஒரு சிக்கலான நிரலை எழுத முடியாது.

ஆகவே கீழே ஒப்பிடும் மூன்று முறைகளும் உண்மையில் ஒரே கேள்விக்கான மூன்று பதில்கள்: அழைப்புகள் எங்கே விழலாம் என்பதை யார், எப்போது தீர்மானிப்பது?

## எதை வைத்து அளப்பது

முதலாவது, உடையாத நீளம். ஒரு கிழமையில் 90 நிமிடத்துக்குக் குறையாமல் தொடர்ந்து உட்கார முடிகிற துண்டுகள் எத்தனை? மொத்த மணித்தியாலத்தைவிட இந்த எண்ணிக்கைதான் முக்கியம்.

இரண்டாவது, வாடிக்கையாளரின் காத்திருப்பு. அவர் பேச வேண்டும் என்று கேட்டதிலிருந்து பேசும் வரை அதிகபட்சம் எவ்வளவு நேரம் போகும்?

மூன்றாவது, ஒழுங்கையும் மீறி அழைப்பு வந்துவிட்டால் எவ்வளவு சேதம்? ஒரு காலை போகுமா, முழு நாளும் போகுமா?

நான்காவது, யாருக்கும் பில் போட முடியாத நேரம். நேரம் மாற்றுவது, நாளைக்கு என்ன என்று திட்டம் போடுவது, மன்னிப்புக் கேட்டு எழுதுவது எல்லாம் இதற்குள் வரும்.

இவற்றை ஊகத்தில் அளக்க முடியாது. கடந்த நான்கு கிழமைகளின் அழைப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கலண்டரை மட்டும் நம்ப வேண்டாம். கொழும்பு அழைப்புகள் அதில் இருக்காது, வட்ஸ்அப் பட்டியலில்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு விடயம் குறியுங்கள்: முற்பகலா, பிற்பகலா, மாலை 6 மணிக்குப் பிறகா, எவ்வளவு நேரத்துக்கு முன்பு சொன்னார்கள். முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது குறிப்புத்தான். ஆனால் அதைக் குறித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

## ஒன்று: காலையைக் காப்பது

தினமும் ஒரே நேரத்தில் ஒரு பெரிய கட்டம். அதற்குள் அழைப்பு இல்லை. மற்ற நேரத்தில் எங்கே விழுந்தாலும் பரவாயில்லை.

மேற்குத் திசை வாடிக்கையாளர்கள் இருப்பவருக்கு இதை நேர வலயமே பாதி செய்து கொடுத்துவிடுகிறது. லண்டனில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. டொரன்டோவில் காலை 9 என்றால் மாலை 6.30 அல்லது 7.30. அதாவது நமது முற்பகலில் அவர்கள் இருவரும் நித்திரை அல்லது அப்போதுதான் எழும்புகிறார்கள். இங்கே இன்னொரு பொருத்தமும் உண்டு. மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று அனல்போல் அடிக்கும் நாட்களில், ஏசி இல்லாத அறையில் மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை ஊன்றி யோசிக்கிற வேலை நடக்காது. வாய் பேசும், கை மின்னஞ்சல் எழுதும், அவ்வளவுதான். லண்டன் காலை வந்து விழுவதும் அதே நேரத்தில்தான்.

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் 7.30 வரை அமளி. எனவே 8.15க்குத் தொடங்கி 11.45 வரை, நடுவில் 10 நிமிட இடைவேளையோடு மூன்றரை மணித்தியாலம் என்பது பிடித்து நிற்கக்கூடிய அளவு. இதை நாலரையாக நீட்டுபவர்கள் உண்டு. கடைசி ஒரு மணித்தியாலத்தில் எழுதியதை அடுத்த நாள் திருத்திக்கொண்டிருப்பதையும் அவர்களிடம்தான் பார்க்கலாம்.

மறைவான செலவு, நாள் நீளுவது. காலை 8.15க்குத் தொடங்கியவர் டொரன்டோ அழைப்பை முடிக்கும்போது இரவு 8 மணி ஆகியிருக்கும். நடுவில் வெளிப்படையாக ஓர் ஓய்வுக் கட்டம் போடாவிட்டால் இரண்டு மாதத்தில் காலைக் கட்டமே சோர்ந்துபோகும். அழைப்பு இல்லாத நாட்களில் மாலை 4.30லிருந்து 6.30 வரை லப்டொப்பை மூடிவிட்டு வெளியே போவதும் இந்த முறையின் ஒரு பகுதிதான்.

இந்த முறையை உடைப்பது லண்டனும் இல்லை, டொரன்டோவும் இல்லை. கொழும்புதான். ஒரே நேர வலயம், ஒரே மொழி, கையில் வட்ஸ்அப். "தம்பி, ஒரு சின்ன விசயம், கோல் எடுக்கட்டா?" என்று 9.40க்கு வரும். அதற்குப் பதில் ஒன்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசித்து எழுதப் போனால் அதிலேயே கட்டம் உடைந்துவிடும்:

"அண்ணா, 12.15க்கு நானே எடுக்கிறன். அவசரமெண்டால் என்ன பிரச்சினை எண்டு ஒரு வரி போட்டுவிடுங்கோ."

அந்த ஒரு வரிதான் சல்லடை. பணம் செலுத்தும் பக்கம் வேலை செய்யவில்லை என்று வந்தால் கட்டத்தை உடைத்து எடுக்க வேண்டியதுதான். "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்கலாமா" என்று வந்தால் 12.15 வரை ஒன்றும் ஆகாது.

உடைக்கத்தான் வேண்டும் என்றால், போனை எடுக்க முதல் ஒரு நிமிடத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன். முடியாத வேலையை விட்டுப் போகும்போது மனதின் ஒரு பகுதி அதிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். இப்படி ஒரு திரும்பும் குறிப்பை எழுதிவிட்டுப் போனால் அந்த ஒட்டல் குறைகிறது என்பது 2018இல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வில் தெரிந்தது. திரும்பி வந்தபின் உள்ளே இறங்கும் அந்த 15, 20 நிமிடம் குறைவதில் இதன் பயன் தெரியும்.

மெல்பேர்ண், சிட்னி வாடிக்கையாளர்கள்தான் உங்களுக்கு அதிகம் என்றால் இந்த முறையைத் தொட வேண்டாம். அவர்களுடைய அலுவலக நேரம் நமக்கு விடியப்புறத்தில் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். நீங்கள் காக்க நினைக்கிற அதே முற்பகல்தான் அவர்களுக்குப் பேச வசதியான நேரம்.

## இரண்டு: கிழமையைப் பிரிப்பது

செவ்வாயும் வியாழனும் அழைப்பு நாள். திங்கள், புதன், வெள்ளி வேலை நாள். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் அழகு. வேலை நாளில் 90 நிமிடத் துண்டுகள் மூன்று எளிதாகக் கிடைக்கும். ஒரு மொழிபெயர்ப்பின் நாற்பது பக்கமோ, ஒரு பெரிய வடிவமைப்போ நடுவில் அறுபடாமல் நகரும்.

ஆனால் வியாழன் மாலை ஒருவர் பேச வேண்டும் என்று கேட்டால் செவ்வாய் வரை, ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை கலந்து பேசும் வாடிக்கையாளருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தினமும் காலை 15 நிமிடம் குழுவோடு பேச வேண்டும் என்று கேட்கும் லண்டன் நிறுவனத்துக்கு இது முதல் நாளே சரிவராது. அப்படி ஒரு தினசரிக் கூட்டம் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் இந்தப் பகுதியை இதோடு விட்டுவிடலாம்.

இதன் மறைவான செலவு, அரைகுறை அழைப்பு நாள். செவ்வாய்க்கிழமை இரண்டே அழைப்பு, ஒன்று 11 மணிக்கு, மற்றது 3.30க்கு. மனம் "இன்றைக்கு அழைப்பு நாள்" என்று முடிவெடுத்துவிட்டதால் இடையில் உருப்படியாக ஒன்றும் நடக்காது. மூன்றுக்குக் குறைவான அழைப்புள்ள அழைப்பு நாள் நட்டம் என்றே கணக்கு வையுங்கள். போயா விடுமுறை செவ்வாயில் வந்தால் கொழும்பு பேசாது, லண்டன் மட்டும் பேசும். அந்த நாளும் அப்படித்தான் போகும். மறுபக்கம், ஆறு அழைப்பு குவிந்த நாளில் ஐந்தாவது அழைப்பில் என்ன ஒத்துக்கொண்டோம் என்பது நினைவில் நிற்காது. Google Calendar இன் `Appointment schedule` இல் `Maximum bookings per day` என்பதை 4 என்றும் `Buffer time` என்பதை 15 நிமிடம் என்றும் வைத்தால் குவியல் தானாகவே தடுபடும்.

ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. இரண்டு நாள் மட்டும் அதிகாலையில் எழும்பி அவர்களோடு பேசிவிட்டு, மற்ற மூன்று நாட்களின் முற்பகலை முழுதாக வைத்துக்கொள்ளலாம்.

## மூன்று: கட்டத்தை நகர்த்துவது

இங்கே நேரம் நிலையில்லை, அளவுதான் நிலை. கிழமைக்கு 14 மணித்தியாலம் ஊன்றிய வேலை என்று ஒரு கடனை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு மாலையும் நாளைய அழைப்புகளைப் பார்த்து, அவற்றுக்கிடையில் 90 நிமிடத் துண்டுகளை வைக்கிறீர்கள். அழைப்பு வந்து ஒன்றைத் தள்ளினால் அந்தத் துண்டை அழிக்கக் கூடாது, வேறிடத்துக்கு இழுத்துப் போட வேண்டும். இழுத்துப் போட இடம் வேண்டுமே? அதற்காகக் கிழமையில் இரண்டு வெற்றுக் கட்டங்களை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். வெற்றுக் கட்டம் வைக்காமல் இந்த முறையைத் தொடங்குபவர்களுக்குப் புதன்கிழமையே இடம் தீர்ந்துவிடும்.

முறை கெட்டுப் போகிறது என்பதற்கு அடையாளம் இரண்டு. ஒரே துண்டு இரண்டாவது தடவை நகர்ந்தால் அது வேலை நெருக்கடி இல்லை, தள்ளிப்போடுதல். நகர்ந்து நகர்ந்து துண்டுகள் எல்லாம் இரவு 8 மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால், கடன் கணக்கில் அடைபடுகிறது, தரத்தில் அடைபடவில்லை. அதனால் இரண்டு விதி போதும்: ஒரு துண்டு ஒரு முறைதான் நகரலாம், கிழமை முடிவில் மிஞ்சிய கடன் அடுத்த கிழமைக்குப் போகாது, ஏற்கும் வேலையைத்தான் குறைக்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் தினமும் 10, 15 நிமிடத் திட்டமிடல். மாதத்துக்கு நாலைந்து மணித்தியாலம், யாரும் காசு தராத நேரம். ஒரு வாடிக்கையாளர் "கூப்பிட்ட உடனே வேண்டும்" என்பவராக இருந்தால் அந்த நேரத்தை அவருடைய மாதக் கட்டணத்தில் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. அவர் வாங்குவது வேலையை மட்டும் அல்ல, உங்களுடைய தயார்நிலையையும்தான்.

ஓரிடத்தில் மட்டும் மற்ற இரண்டையும் இது வென்றுவிடுகிறது: கரண்ட். பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிற்கும் என்று அறிவித்த நாளில், அழைப்புகளை வேறு நாளுக்குத் தள்ளிவிட்டு, லப்டொப் பட்டரி தாங்கும் வரை இணையம் தேவையில்லாத வேலையை முன்னால் இழுக்கலாம். மாரி காலத்தில் தகரக் கூரையில் மழை கொட்டும்போதும் இதே கதைதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது. ஆனால் எழுதுவதற்கு அந்தச் சத்தம் ஒன்றும் செய்யாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | காலையைக் காப்பது | கிழமையைப் பிரிப்பது | கட்டத்தை நகர்த்துவது |
|---|---|---|---|
| கிழமைக்கு 90 நிமிடத் துண்டுகள் | 10 | 9 | 7 முதல் 9, உறுதியில்லை |
| வாடிக்கையாளரின் காத்திருப்பு | சில மணித்தியாலம் | ஐந்து நாள் வரை | ஏறக்குறைய இல்லை |
| திடீர் அழைப்பால் சேதம் | அரைக் காலை | ஒரு வேலை நாளின் ஓட்டம் | ஒரு துண்டின் இடம் மட்டும் |
| பில் போட முடியாத நேரம் | குறைவு | நடுத்தரம் | தினமும் 10, 15 நிமிடம் |
| யாருக்கு | ஐரோப்பா, வட அமெரிக்கா | நீண்ட வேலை, அரிதான அழைப்பு, ஆஸ்திரேலியா | உடனடிச் சேவை கேட்பவர்கள் |

## ஒரு கணக்கு

உவர்மலையிலிருந்து இணையத்தளம் கட்டிக் கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நான்கு கிழமையில், அதாவது 20 வேலை நாளில், 22 அழைப்பு. லண்டன் 9, எல்லாம் பிற்பகலில். டொரன்டோ 5, எல்லாம் 6.30க்குப் பிறகு. கொழும்பு 8: அதில் 3 பிற்பகல், 5 முற்பகல். முற்பகல் ஐந்தும் நான்கு நாட்களில் விழுந்தவை. அவற்றில் நான்குக்கு ஒரு மணித்தியால அறிவிப்புக்கூட இல்லை.

22 அழைப்பில் 17 காலைக்கு வெளியே. இருபது காலைகளில் 16 ஒரு முயற்சியும் இல்லாமலே சுத்தமாக இருக்கின்றன. காலையைக் காத்தால் 20 நாளுக்கு மூன்றரை வீதம் 70 மணித்தியாலம். கொழும்பு உடைக்கும் நான்கு காலையில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஆறு போனாலும் 64 மிஞ்சும். கிழமையைப் பிரித்தால் 12 வேலை நாள், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்று தாராளமாக வைத்தாலும் 60. அதற்காக லண்டனையும் நாள்கணக்கில் காக்க வைக்க வேண்டும். நகர்த்தும் முறையின் 14 மணித்தியாலக் கடன் 56இல் நிற்கிறது.

இவருக்கு முதலாவது முறைதான். மூன்றாவதிலிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்: வெள்ளி 4.30லிருந்து 6 வரை ஒரு வெற்றுக் கட்டம். அந்தக் கிழமை கொழும்பு ஒரு காலையை உடைத்தால் அது இங்கே வரும். உடைக்காவிட்டால் கடற்கரைக்குப் போகலாம்.

கணக்கு வேறு மாதிரியும் வரலாம். முற்பகல் அழைப்பு ஐந்துக்குப் பதில் பன்னிரண்டாக இருந்து, பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்பு இருந்தால் கிழமையைப் பிரிப்பதைப் பாருங்கள். பன்னிரண்டும் அறிவிப்பின்றி வந்தவை என்றால் நகர்த்துவதைத் தவிர வழியில்லை. அந்த வாடிக்கையாளரின் கட்டணத்தையும் மறுபடி பேசவேண்டி வரும்.

## மணிக்கூடு மாறும் கிழமைகள்

எந்த முறையை எடுத்தாலும் வருடத்தில் இரண்டு முறை அது ஆட்டம் காணும். இலங்கையில் நேரம் மாறுவதில்லை, அவர்களுக்கு மாறும். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும். டொரன்டோவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஒக்டோபர் முடிவில் ஒரு கிழமைக்கு லண்டன் மாறியிருக்கும், டொரன்டோ மாறியிருக்காது. மார்ச்சில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று கிழமை.

குளிர்காலத்தில் டொரன்டோவின் காலை 9 நமக்கு 7.30. இரவு 8.30க்குப் பிறகு பேசுவதில்லை என்று வைத்திருப்பவருக்கு அங்கே ஒரே ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். அதை ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே டொரன்டோ வாடிக்கையாளருக்கு எழுதிவிட வேண்டும்.

கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தை யாருடைய நேரத்தில் கலண்டரில் போட்டீர்கள் என்பதையும் அப்போதே பாருங்கள். செவ்வாய் பிற்பகல் 2 மணி என்று கொழும்பு நேரத்தில் போட்டிருந்தால், கோடையில் லண்டனுக்கு 9.30 ஆக இருந்தது ஒக்டோபர் கடைசியில் 8.30 ஆகிவிடும். அவர் அப்போது ரயிலில் இருப்பார். கூட்டத்தைத் திறந்து திகதிக்குப் பக்கத்தில் உள்ள `Time zone` இல் லண்டனைத் தெரிவு செய்தால் அவருக்கு 9.30 அப்படியே நிற்கும், உங்களுக்குத்தான் 3 மணிக்கு நகரும். அது எப்படியும் உங்கள் காலைக் கட்டத்தைத் தொடாது.